சளி வடிந்த பிறகு வீடே சுற்றுகிறது: காது நரம்பு வீக்கமா, கல் நகர்ந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து நாளா சளிங்க டாக்டர். அது வடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆச்சு. இன்னைக்கு வெள்ளென எந்திரிச்சா வீடே சுத்துது, வாந்தி நிக்கவே மாட்டேங்குது. இது என்னங்க?

பெரும்பாலும் உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பில் வருகிற அழற்சி. சீட்டில் ‘வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ்’ என்று எழுதுவோம். பேச்சில் நரம்பு வீக்கம் என்றே சொல்வேன். உள்காதில் எல்லோருக்கும் இருக்கும் பொடிச் சுண்ணாம்புக் கல் இடம் மாறி வரும் தலைசுற்றல் வேறு, இது வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்துகொண்டு, ‘ஒண்ணும் கேக்கலீங்க’ என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒருவருடைய கதையை வைத்தே சொல்லிவிடுகிறேன். கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் 44 வயது அம்மா. மாடு மூன்று. காலை நாலரைக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். மார்கழிப் பனியில் வீட்டில் எல்லோருக்கும் சளி, அவருக்கும் சளி. அது விட்ட மூன்றாம் நாள் கட்டிலை விட்டு எழுந்தவர், சுவர் இடப்பக்கமாக ஓடுவதைப் பார்த்து அப்படியே வலப்பக்கம் சாய்ந்து விழுந்தார். மதியத்துக்குள் ஏழெட்டு முறை வாந்தி. கண்ணைத் திறந்தால் சுற்று, மூடினாலும் சுற்று. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள், அதுவும் வெளியே வந்துவிட்டது. பொழுதோடு ஒரு இடத்தில் குளுக்கோஸ் ஏற்றி, சுகரும் பிரஷரும் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலை கணவரும் அண்ணனும் கைத்தாங்கலாக என்னிடம் கூட்டி வந்தார்கள்.

அவருக்கு முதலில் வந்தது நரம்பு வீக்கம். ஐந்து வாரம் கழித்து கல் பிரச்சினையும் வந்தது. இரண்டையும் அனுபவித்தவர் என்பதால் கீழே வரும் பல பதில்களில் அவர் வருவார்.

எங்க அக்காளுக்கும் தலைசுத்துதான். காதுல கல்லு நகந்துடுச்சுன்னு சொல்லி தலையைத் திருப்பிச் சரி பண்ணிட்டாங்க. எனக்கும் அதுதானுங்களே?

உங்கள் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அசையாமல் படுத்துக் கிடந்தபோதும் சுற்றியதா?

கல் நகர்ந்தவர்களுக்கு அசையாமல் இருந்தால் சுற்று நின்றுவிடும். படுக்கையில் புரண்டால், மேலே பரணில் இருக்கும் போசியை அண்ணாந்து எடுத்தால், குனிந்து வாசல் கூட்டினால் கிர்ரென்று வரும். பெரும்பாலும் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிறகு அடங்கும். அடுத்த முறை அதே பக்கம் புரளும் வரை ஆள் ஏறக்குறைய நன்றாகவே இருப்பார். நாளுக்குப் பத்து முறை வந்தால் ‘நாளெல்லாம் சுத்துது’ என்றுதான் சொல்வார். அதனால் ‘எத்தனை நாளாக?’ என்ற கேள்வி ஏமாற்றிவிடும். ‘ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம்?’ என்று கேட்க வேண்டும்.

நரம்பு வீக்கத்தில் சுற்று நிற்பதே இல்லை. சிலை மாதிரிப் படுத்திருந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாளுக்கு மேலும் விடாமல் சுற்றும். தலையை அசைத்தால் இன்னும் கூடும். இங்கேதான் நோயாளியும் சில சமயம் மருத்துவரும் தடுமாறுகிறார்கள். ‘புரண்டா அதிகமாகுதுங்க’ என்று சொன்னவுடன் கல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்தத் தலைசுற்றலும் தலையை ஆட்டினால் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே இருக்கும் சுற்று அசைவில் கூடுகிறதா, இல்லாத சுற்று அசைவில் பிறக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த அம்மா பிற்பாடு சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது: “மொதல்ல வந்தது, ராட்டினத்துல ஏத்தி விட்டுட்டு எறக்க மறந்த மாதிரிங்க. ரெண்டாவது வந்தது யாரோ ஒரு சுத்து சுத்தி விட்டுட்டுப் போயிட்ட மாதிரிங்க.”

சளி மூக்குலதானுங்க இருந்துச்சு. காது நரம்புக்கு எப்படிப் போச்சு?

சளி வழிந்து காதுக்குள் போனது என்று நினைக்க வேண்டாம். நடுக்காதில் சீழ் வைப்பது வேறு கதை, அதில் காது வலிக்கும், அடைக்கும். இங்கே சந்தேகிக்கப்படுவது வைரஸ். உதட்டோரத்தில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் நம்மில் பலருடைய நரம்பு முடிச்சுகளில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். உடம்பு சோர்ந்த நேரம் பார்த்து அது விழித்து, குறுகலான எலும்புக் குழாய்க்குள் போகும் இந்த நரம்பை வீங்க வைக்கிறது என்பதுதான் இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். எல்லோருக்கும் முன்னால் சளி வந்திருக்கும் என்றும் இல்லை. சளியே இல்லாமல் திடீரென வருபவர்களும் நிறைய.

இரண்டு காதின் சமநிலை நரம்புகளும், தலை அசையாதபோதும் மூளைக்குச் சமமான அளவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ரெட்டை மாட்டு வண்டியில் வலத்து மாடு படுத்துவிட்டால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலது நரம்பு அணைந்ததும், இடது பக்கத்துச் செய்தி மட்டும் வருவதைப் பார்த்து மூளை ‘தலை இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது’ என்று கணக்குப் போடுகிறது. அதனால்தான் கண்கள் வலப்பக்கம் மெதுவாக வழுக்கி இடப்பக்கம் வெடுக்கென்று திரும்புகின்றன, ஆள் வலப்பக்கம் சாய்கிறார். வாந்தியும் வயிற்றுக் கோளாறு அல்ல, இந்தக் குழப்பத்தின் எதிரொலிதான்.

காது கேட்கும் நரம்பு பக்கத்திலேயே போனாலும் இந்த நோயில் கேட்கும் திறன் குறையாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

டாக்டர் என் மூக்கைப் பாருன்னு சொல்லிட்டு, வெடுக்குனு தலையைத் திருப்பி விட்டாரு. அதுல என்னங்க தெரியும்?

இந்த ஒரு சோதனைக்குப் பல ஸ்கேன்களைவிட மதிப்பு அதிகம். நோயாளி என் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, தலையை இரு கையாலும் பிடித்து, பத்து இருபது டிகிரிதான் இருக்கும், சட்டென்று ஒரு பக்கம் திருப்புவேன். கழுத்துத் தேய்மானம் இருப்பவர்களிடம் கவனமாக. நரம்பு நன்றாக இருந்தால் தலை திரும்பினாலும் பார்வை என் மூக்கிலேயே ஒட்டியிருக்கும். நரம்பு செத்திருக்கும் பக்கம் திருப்பினால் கண்ணும் தலையோடு சேர்ந்து போய்விட்டு, பிறகு ஒரு குதி குதித்து என் மூக்குக்குத் திரும்பி வரும். அந்த அம்மாவுக்கு இடப்பக்கம் திருப்பியபோது பார்வை ஒட்டி நின்றது. வலப்பக்கம் திருப்பியபோது குதித்தது.

இதில் தலைகீழான ஒரு விஷயம் உண்டு. விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இந்தச் சோதனையில் குதி வந்தால் எனக்கு நிம்மதி, கோளாறு பெரும்பாலும் காது நரம்பில்தான். குதியே வராமல் இரண்டு பக்கமும் அழகாக இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். காது நரம்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் உலகம் சுற்றுகிறது என்றால் கோளாறு சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இருக்கலாம்.

இதோடு இன்னும் இரண்டு பார்ப்போம். கண் வெடுக்கென்று திரும்பும் அந்தத் துடிப்பு எப்போதும் ஒரே திசையில் இருக்கிறதா, அல்லது இடப்பக்கம் பார்த்தால் இடமாகவும் வலப்பக்கம் பார்த்தால் வலமாகவும் மாறுகிறதா? மாறினால் மூளை. இரு கண்களையும் மாறி மாறி மூடித் திறக்கும்போது கண் மேலும் கீழுமாக நகர்ந்து சரிசெய்துகொள்கிறதா? நகர்ந்தாலும் மூளை. மூன்றையும் சேர்த்து ‘ஹின்ட்ஸ்’ சோதனை என்பார்கள். 2009-ல் இதைப் பற்றிய ஆய்வு வந்த பிறகுதான் பரவலானது.

சுற்று விட்டு விட்டு வருபவருக்கு இது பொருந்தாது. கல் நகர்ந்தவருக்கு இதைச் செய்தால் ‘நார்மல்’ என்று வரும். அதைப் பார்த்துப் பக்கவாதம் என்று பயந்து ஓட வேண்டாம்.

சி.டி. ஸ்கேன் எடுத்துட்டோமுங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அப்ப பக்கவாதம் இல்லைதானுங்களே?

அப்படிச் சொல்ல முடியாது. பின்மண்டைப் பகுதியில் ரத்தக்கசிவு இருந்தால் சி.டி. காட்டிவிடும். அடைப்பால் வரும் புதுப் பக்கவாதத்தை அது பெரும்பாலும் தவறவிடும். எம்.ஆர்.ஐ. மேலானதுதான். ஆனால் முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் சிறிய அடைப்பு அதிலும் தெரியாமல் போகலாம்.

என் சறுக்கலையும் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயதிருக்கும், சுகர் உண்டு. சளிக்குப் பிறகு சுற்று, வாந்தி. சளி என்று கேட்டதும் என் மனம் நரம்பு வீக்கம் என்று பூட்டிக்கொண்டது. ஊசி போட்டுக் கட்டிலில் உட்கார வைத்தபோது, பிடிக்காமல் அவரால் உட்காரவே முடியவில்லை. ‘சோர்வு’ என்று எண்ணிவிட்டேன். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார், அது என் கெட்டிக்காரத்தனம் அல்ல. அன்றிலிருந்து சுற்றோடு வரும் ஒவ்வொருவரையும் கட்டில் ஓரத்தில் கையை ஊன்றாமல் உட்காரச் சொல்லிப் பார்க்கிறேன். நரம்பு வீக்கக்காரர் ஒரு பக்கம் சாய்வார், ஆனால் உட்கார்ந்துவிடுவார், பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியும். உட்காரவே முடியாதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பேச்சு குழறுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், விழுங்கும்போது புரையேறுதல், முகமோ கையோ மரத்துப் போதல், பிடரியில் இதுவரை இல்லாத கடும் வலி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் உள்ளூரில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து நரம்பியல் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு. காது கேளாமையைச் சேர்த்ததற்குக் காரணம், உள்காதுக்கு ரத்தம் தரும் குழாய் சிறுமூளைக்குப் போகும் குழாயின் கிளைதான். உள்காது முழுவதும் வீங்கினாலும் காது அடைக்கும் என்றாலும், அதை முடிவு செய்வது உங்கள் வேலையோ மருந்துக்கடைக்காரர் வேலையோ அல்ல.

செல்போன்ல பாத்து தலையைத் தொங்க விட்டுத் திருப்புற பயிற்சி பண்ணுனோமுங்க. இன்னும் அதிகமாயிடுச்சு. ஏன்?

அது கல்லுக்கான வைத்தியம். எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை. உள்காதின் வளைந்த குழாய்க்குள் வழி தவறிப் போன கல்லை உருட்டி, புறப்பட்ட அறைக்கே கொண்டு சேர்க்கும். நரம்பு வீக்கத்தில் உருட்டுவதற்குக் கல்லே இல்லை. விடாமல் சுற்றிக்கொண்டிருப்பவரைத் தலைகீழாகத் தொங்க விட்டால் கூடுதலாக நாலு வாந்திதான் மிச்சம். நல்லவேளை, நரம்புக்கு அதனால் கெடுதல் இல்லை.

சுத்துக்குக் குடுத்த மாத்திரையை எத்தனை நாளைக்குப் போடோணும்?

மூன்று நாள். வாந்தி நின்றுவிட்டால் அதற்கும் முன்பே நிறுத்தலாம்.

அந்த அம்மாவை ஒரு நாள் படுக்க வைத்தேன். ட்ரிப், வாந்திக்கு ஊசி, சுற்றை மட்டுப்படுத்தப் புரோகுளோர்பெரசின். மறுநாள் மதியம் ரசஞ்சோறு இரண்டு வாய் தங்கியது. நாலாம் நாள் மாத்திரையை நிறுத்தினேன். ‘இன்னும் லேசா ஆடுதுங்களே’ என்று கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த லேசான ஆட்டம் வேண்டும் என்று சொன்னேன். ஒரு பக்கத்துச் செய்தி குறைந்துவிட்டது என்பதை மூளை உணர்ந்தால்தான் புதுக் கணக்குப் போட்டு ஈடுகட்டும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை அந்த உணர்வையே மழுங்கடிப்பவை. ஒரு மாதம் போட்டவர் ஒரு மாதம் பின்தங்குவார். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரக்கூடும். ஆறு மாதம் முன்பு எழுதிய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு குடுத்தாத்தான் நரம்பு சரியாகும்ங்கறாங்க. எனக்கு சுகர் இருக்குதுங்களே?

2004-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு தொடங்கியவர்களின் நரம்பு ஒரு வருடம் கழித்துச் சோதனையில் கூடுதலாகத் தேறியிருந்தது. வைரஸுக்கான மாத்திரையால் பயன் தெரியவில்லை. ஆனால் சோதனைக் கருவியில் தேறுவதும், ஆள் நன்றாக நடமாடுவதும் ஒன்றல்ல. ஸ்டீராய்டு போடாதவர்களும் நடமாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதனால் சுகர் இல்லாமல், சீக்கிரம் வந்தவருக்குத்தான் கேட்டுக் கொடுக்கிறேன். உங்களுக்கு நான் யோசிப்பேன். ஸ்டீராய்டால் சுகர் ஏறி முன்னூறைத் தொட்டால் அது தனி வம்பு.

படுத்தே கெடக்கட்டுமுங்களா, இல்லை நடக்கோணுமா?

வாந்தி நின்ற அன்றே எழுந்து உட்காருங்கள். மறுநாள் சுவரைப் பிடித்து நடங்கள். ஒறம்பரை எல்லாம் வந்து ‘அசையாமப் படு அம்மிணி’ என்று சொல்வார்கள். அன்புதான், ஆனால் தேறுவது தள்ளிப்போகும்.

பயிற்சி எளிது. தினசரிக் காலண்டரின் பெரிய எண்ணைக் கை நீள தூரத்தில் வைத்து, அதையே பார்த்தபடி தலையை ‘இல்லை’ என்பது போல இட வலமாக ஆட்டுங்கள். எண் கலங்காமல் தெரியும் வேகத்தில் ஒரு நிமிடம். பிறகு ‘ஆமாம்’ என்பது போல மேலும் கீழும் ஒரு நிமிடம். நாளுக்கு நாலைந்து வேளை. கொஞ்சம் குமட்டினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம், வாந்தியே வந்தால் வேகம் அதிகம். நாள் போகப் போக வேகத்தைக் கூட்டி, பிறகு நின்றபடியும் நடந்தபடியும் செய்ய வேண்டும்.

அந்த அம்மா பத்தாம் நாள் வெளிச்சத்தில் வாசலில் நன்றாக நடந்தார். ஆனால் விடியுமுன் கட்டுத்தறிக்குப் போனால் தள்ளாடியது. உள்காது ஏமாற்றும்போது கண்ணும் காலும்தான் தாங்குகின்றன. இருட்டில் கண் போய்விடும், மேடுபள்ளத்தில் காலும் ஏமாறும். ஆகவே மூன்று வாரத்துக்கு வாசலில் லைட், வரப்பில் நடை கிடையாது, கிணத்து மேட்டுக்கும் ஏணிக்கும் போகவே கூடாது என்றேன். வண்டி ஓட்டுவதற்கு என் அளவுகோல்: ஓட்டத் தெரிந்தவர் சட்டென்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் ரோடு கலங்காமல் நிற்க வேண்டும். அதுவரை பின்னால் உட்கார்ந்து போங்கள்.

அஞ்சு வாரம் நல்லா இருந்தனுங்க. இப்பப் படுக்கையில வலப்பக்கம் புரண்டா மறுபடியும் சுத்துது. நரம்பு மறுபடியும் வீங்கிருச்சுங்களா?

இது அந்த அம்மா கேட்ட கேள்வியேதான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “இருபது எண்ணறதுக்குள்ள நின்னுடுதுங்க. எடப்பக்கம் படுத்தா ஒண்ணுமில்லைங்க.” அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்பில் கொஞ்சம் தொங்க விட்டேன். நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு கண் சுழன்றபடி மேல்நோக்கித் துடித்தது, இருபது விநாடியில் அடங்கியது. அந்தத் தாமதமும் அடக்கமும் கல்லின் கையெழுத்து. அங்கிருந்தே எப்லி முறை: ஒரு நிமிடம் காத்திருந்து, தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி ஒரு நிமிடம், உடம்பையும் இடத்தோளுக்குப் புரட்டி முகம் தரையைப் பார்க்க ஒரு நிமிடம், பிறகு மெல்ல உட்கார வைத்தல். இரண்டாம் முறை சோதித்தபோது சுற்று வரவில்லை.

நரம்பு வீக்கத்துக்குப் பின்னால் சில வாரங்களில் கல் நகர்வது வழக்கத்தில் உள்ளதுதான். சமநிலை நரம்புக்கு மேல்கிளை, கீழ்கிளை என்று இரண்டு உண்டு. வீக்கம் பெரும்பாலும் மேல்கிளையைத் தாக்கும். சுண்ணாம்புக் கற்கள் ஒட்டியிருக்கும் அறை அந்த மேல்கிளையைச் சேர்ந்தது. அது நலிந்தால் கல் உதிரும். உதிர்ந்த கல் போய் விழும் பின்பக்கக் குழாயோ கீழ்கிளையைச் சேர்ந்தது. அது உயிரோடு இருப்பதால்தான் கல் உருண்டதைச் சொல்லிச் சுற்ற வைக்கிறது. இரண்டு கிளையும் செத்திருந்தால் கல் விழுந்தும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

தலைக்குப் பச்சத் தண்ணி ஊத்துனதாலதான் வந்துச்சுங்கறாங்களே?

இல்லைங்க. அரப்புத் தேய்த்துத் தாராளமாகக் குளிக்கலாம். முதல் வாரம் மட்டும் கண்ணை மூடி நின்றபடி தலைக்கு ஊற்றாதீர்கள், விழுந்துவிடுவீர்கள். முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள்.

இனி வருமுங்களா?

நரம்பு வீக்கம் திரும்ப வருவது அபூர்வம். நிற்காத சுற்று இரண்டாம் முறை வந்தால் ‘போன தடவை மாதிரிதான்’ என்று விட்டுவிடாமல் புதிதாகவே சோதிக்க வேண்டும். கல் அப்படியில்லை, அது திரும்ப வரக்கூடிய விருந்தாளி. வந்தால் எந்தப் பக்கம் புரளும்போது வருகிறது, எத்தனை எண்ணும் வரை நீடிக்கிறது என்று இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த அம்மா சித்திரையில் போன் செய்தபோது நான் கேட்கும் முன்பே சொன்னார்: “அதே வலப்பக்கந்தானுங்க டாக்டர், பதினஞ்சு எண்ணுனேன், நின்னுடுச்சு. பால் ஊத்திட்டு வரட்டுமுங்களா?”